கேள்வி பதில்: பில்லுக்குப் பணம் கொடுக்கும் முன் மூன்று காகிதங்கள்

100 பெட்டிக்கு ஆர்டர் போட்டோம். டெலிவரி நோட்டில் 60, எண்ணினால் 58. பில் மட்டும் 100 பெட்டிக்கு வந்திருக்கிறது. வந்ததற்கு மட்டும் பணம் அனுப்பிவிடலாமா?

அனுப்ப வேண்டிய தொகை வந்ததற்கு மட்டும்தான், ஆனால் இந்தப் பில்லின் மேல் அனுப்பாதீர்கள். ஒரு பெட்டி 50 என்றால் பில் 5,000. நீங்கள் 2,900 கொடுத்தால் சப்ளையர் கணக்கில் 2,100 பாக்கி நிற்கும். மீதிப் பெட்டிகள் புதுப் பில்லோடு வரும்போது அதே பெட்டிகளுக்கு இரண்டு முறை பணம் கேட்பார்கள். முதலில் 58 பெட்டிக்கு மாற்றுப் பில் கேளுங்கள், அல்லது 42 பெட்டிக்கான தொகையைக் கழித்துக்கொள்ளும் கிரெடிட் நோட் வாங்குங்கள். உங்கள் ஆர்டர் நகலில் "வந்தது 58, பில் ஆனது 58, பாக்கி 42" என்று எழுதி வையுங்கள்.

அந்த 2 பெட்டிதான் வம்பு. சப்ளையர் 60 அனுப்பியதாகவே நினைப்பார், அடுத்த முறை 40தான் வரும். வண்டி கிளம்பும் முன் டெலிவரி நோட்டிலேயே 58 என்று திருத்தி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள்.

மொத்தத் தொகை ஆர்டரோடு ஒத்துப்போனால் போதுமே?

பாதி சரி. தொகை வேறாக இருந்தால் ஏன் என்று பார்த்தே ஆக வேண்டும். ஒத்துப்போனால் தப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 50 உருப்படி, விலை 12, மொத்தம் 600 என்பது ஆர்டர். வந்தது 48. பில்லில் 48, விலை 12.50. மொத்தம் அதே 600! பில்லின் ஒவ்வொரு வரியிலும் விலையை ஆர்டரோடும், எண்ணிக்கையை வந்த சரக்கோடும் தனித்தனியாகப் பாருங்கள்.

எங்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. பில்லும் டெலிவரி நோட்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும். ஸ்டோர்காரரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அந்த இரண்டையும் அடித்துக் கொடுப்பவர் சப்ளையர்தானே, ஒன்றாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. உங்கள் ஆள் எண்ணினாரா என்பதுதான் கேள்வி. ஸ்டோருக்குக் கொடுக்கும் ஆர்டர் நகலில் எண்ணிக்கையை மறைத்துவிடுங்கள். அவர் எண்ணி எழுதிய பிறகு டெலிவரி நோட்டைப் பார்க்கட்டும். கண்ணெதிரே 60 என்று இருந்தால் கை தானாக 60 என்றுதான் எழுதும்.

ரிப்பேர் வேலைக்கு டெலிவரி நோட் ஏது?

வேலை முடிந்தது என்று, செய்யச் சொன்னவர் தேதியோடு எழுதித் தரும் சீட்டு போதும்.

சில்லறை வித்தியாசத்துக்கெல்லாம் பில்லை நிறுத்தி வைக்க வேண்டுமா?

இதில் எனக்கே முழுத் தெளிவு இல்லை. ஒரு வரம்பு வைத்து, அதற்குள் இருந்தால் விட்டுவிடுவார்கள் பலர். நான் விலைக்கு அப்படி விடுவேன், எண்ணிக்கைக்கு விடமாட்டேன். எடை போட்டு வாங்கும் சரக்கில் இந்தக் கண்டிப்பு நடக்காது, தராசுக்குத் தராசு கொஞ்சம் மாறும். நீங்கள் எடை சரக்கா வாங்குகிறீர்கள்?