வளவுல எடுத்த குரூப் போட்டோவுல வராத ஆள சேக்குறதுக்கு ஒரு கார்டு, ஒரு பந்து

கேள்வி: பங்ஷனுக்கு வர முடியாத ஒருத்தர அப்புறம் தனியா எடுத்து குரூப் போட்டோவுல சேக்கணும். ஒட்டு போட்ட மாதிரி தெரியாம இருக்க அங்க இருந்த லைட்ட எப்படி பதிஞ்சு வச்சுக்கறது? கிரே கார்டு போதுமா, இல்ல அந்த கண்ணாடி மாதிரி பளபளக்குற பந்து ஷாட்டும் எடுக்கணுமா?

ரெண்டும் எடுங்க, ஆனா ரெண்டும் வேற வேற வேலைக்கு. கார்டு லைட் எவ்வளவு, என்ன கலர்னு சொல்லும், பந்து அந்த லைட் எங்கேருந்து வருது, எவ்வளவு பெருசுன்னு சொல்லும். நான் காரைக்குடியில போட்டோ எடுக்குறவன், நான் சொதப்பினதையே சொல்றேன்.

பள்ளத்தூர்ல ஒரு வீட்டு அறுபதாம் கல்யாணம். வளவு வாசலுக்கு, அதாவது வீட்டு நடுவுல வானம் தெரியுற முற்றத்துக்குப் பக்கத்துல தூணுக்கு முன்னாடி எல்லாரையும் ரெண்டு வரிசையா நிக்க வச்சு எடுத்தேன், சிங்கப்பூர்ல இருக்க சின்ன மகனுக்கு பின் வரிசையில ஒரு இடம் விட்டாச்சு. கிரே கார்ட ஒரே ஒரு தடவ கேமராவப் பாத்து புடிச்சு எடுத்துட்டு வந்தேன். அவரு லீவுக்கு வந்தப்ப ஸ்டூடியோவுல எடுத்து, அங்கயும் கார்டுல கிளிக் பண்ணி கலர நேராக்கி ஒட்டுனா, அந்த வீட்டு ஆச்சி படத்த பாத்துட்டு "ஏம்ப்பா, இவன் மட்டும் ஏன் காலண்டர்லேருந்து வெட்டி வச்ச மாதிரி இருக்கான்"னு கேட்டாங்க. கரெக்டா தான் கேட்டாங்க. அடுத்த வாரமே அதே வீட்டுக்கு அதே நேரத்துக்கு மறுபடி போய் முறையா அளந்தேன்.

கார்ட ஆளு நிக்கப்போற அதே எடத்துல, முக உயரத்துல வைக்கணும். மூணு ஷாட். ஒன்னு வளவு வாசல பாத்து, அதாவது லைட் வர்ற பக்கம். ரெண்டாவது அப்படியே திருப்பி உள்பக்கத் தாழ்வாரத்தப் பாத்து. மூணாவது கார்ட குப்புற சாச்சு தரையப் பாத்த மாதிரி, கேமராவுக்கு கொஞ்சமா தெரிஞ்சா போதும். ரா பைல், எக்ஸ்போஷர் மேனுவல்ல குரூப்புக்கு வச்ச அதே அளவு, மாத்தவே கூடாது. கார்டுல பளபளப்பு அடிக்குதான்னு மட்டும் பாத்துக்கங்க, அடிச்சா கொஞ்சம் திருப்புங்க, இல்லன்னா அளவு பொய் சொல்லும். இன்னொன்னு, பக்கத்துல ஆளுங்க நிக்கும்போதே எடுக்கணும், ஏன்னா பக்கத்து ஆளு லைட்ட மறைப்பாரு, பட்டுச் சேலை கலரும் கொஞ்சம் அடிக்கும். நான் ரெண்டாவது தடவ போனப்ப வீட்டுப் பசங்கள நிக்க வச்சு தான் எடுத்தேன்.

ஸ்பாட் மீட்டர்ல கார்ட பாத்தா வளவு பக்கம் 1/250 காட்டுது, உள்பக்கம் 1/60. ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு வித்தியாசம். ஸ்டூடியோவுல நான் வச்சிருந்தது அரை ஸ்டாப் கூட இல்ல, முகத்துல ரெண்டு பக்கமும் ஒரே வெளிச்சம், அதான் காலண்டர்.

இப்ப கலர். நிறைய பேரு பண்ற தப்பு, மூணு கார்டையும் தனித்தனியா கிளிக் பண்ணி நியூட்ரல் ஆக்கிடுறது. அப்படி பண்ணா பதிஞ்சு வச்ச தகவலே அழிஞ்சு போச்சு. லைட் பக்கம் பாத்த கார்ட மட்டும் கிளிக் பண்ணணும், அந்த ஒரே வொயிட் பேலன்ஸ மத்த ரெண்டுக்கும் போட்டு அதுல என்ன வருதுன்னு படிக்கணும். எனக்கு முதல் கார்டு மூணு கலரும் 118, தரையப் பாத்த கார்டு சிவப்பு 78, பச்சை 64, நீலம் 56. ஆத்தங்குடி கல்லோட செவப்பு தான் அது, தாடைக்கு அடியில, மூக்குக்கு அடியில எல்லாருக்கும் அந்த செவப்பு இருக்கு, இவருக்கு மட்டும் இல்ல. அத லைட்டுக்கு முன்னாடி போடுற கலர் ஜெல் வாங்கி சரி பண்ணல, ஸ்டூடியோ தரையில ஒரு செவப்பு ஜமுக்காளத்த விரிச்சேன், கார்ட குப்புற புடிச்சு பாத்தா கிட்டத்தட்ட அதே நம்பர் வந்துச்சு.

அடுத்து பந்து. கடையில குரோம் பால்னு விக்கிறது, இல்லாட்டி பளபளன்னு கீறல் இல்லாத எவர்சில்வர் உருண்டை எதுவா இருந்தாலும் ஓகே. கேமராவுக்கு முன்பாதி தான் தெரியும்கிறதால அவசரத்துக்கு நல்ல உருண்டையான குழிக்கரண்டி முதுகே போதும் (வெளக்கி வெளக்கி கோடு விழுந்த கரண்டி வேணாம்). அதே எடத்துல, தூரத்துலேருந்து ஜூம் பண்ணி எடுங்க. பந்துல இடது பக்கம் வெளிச்சம் தெரிஞ்சா லைட் கேமராவுக்கு இடது பக்கம். நடுவுலேருந்து ஓரம் வரைக்கும் இருக்க தூரத்துல சரியா 0.7ல வெளிச்சம் இருந்தா லைட் பக்கவாட்டுலேருந்து 90 டிகிரியில வருது, அதுக்கு உள்ள இருந்தா முன்பக்கம், ஓரத்துக்கு நெருங்க நெருங்க ஆளுக்குப் பின்னாடி. பாதியில இருந்தா 60 டிகிரி. இது பந்துக்குத் தான், கரண்டியில கணக்கு போடாதீங்க, ஒப்பிட்டுப் பாக்க மட்டும் வச்சுக்கங்க.

குரூப் எக்ஸ்போஷர்ல எடுத்த பந்துல வளவு வாசல் முழுசும் ஒரே வெள்ளைப் பட்டை தான். நானும் வானம் தான் லைட்டுன்னு நெனச்சு ஸ்டூடியோவுல சாப்ட்பாக்ஸ் லைட்ட தலைக்கு மேல வச்சிருந்தேன். ரெண்டு ஸ்டாப் கொறச்சு ஒன்னு, நாலு ஸ்டாப் கொறச்சு ஒன்னு எடுத்துப் பாத்தா தான் தெரியுது, நீல வானம் மங்கிப் போச்சு, எதிர்ப்பக்கம் வெயில் அடிக்கிற வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் மட்டும் இன்னும் எரியுது. வெயில் பட்ட வெள்ளைச் சுவர் நீல வானத்த விட பல மடங்கு பிரகாசம். அப்ப மெயின் லைட் அந்தச் சுவர், அது நான் நெனச்சத விட கீழ இருக்கு. ஸ்டூடியோ படத்துல அவரு கண்ணுக்குள்ள ஏன் நிழல் விழுந்துச்சுன்னு அப்பத் தான் புரிஞ்சுது.

ஸ்டூடியோவுல பெரிய கணக்கெல்லாம் வேணாம். அவரு நிக்கிற எடத்துல அதே பந்த அதே லென்ஸ்ல அதே தூரத்துலேருந்து எடுத்து, வளவு பந்து மேல பாதி டிரான்ஸ்பரண்டா வச்சு பாருங்க. சாப்ட்பாக்ஸோட வெள்ளைக் கட்டம் சுவரோட கட்டத்து மேல, அதே அளவுல உக்காரணும். சின்னதா தெரிஞ்சா கிட்ட இழுங்க, அப்பத் தான் நிழலோட ஓரம் அதே மென்மையா வரும். எனக்கு அந்தச் சுவர் பத்தடி தூரத்துல பத்தடி அகலம், நாலடி சாப்ட்பாக்ஸ நாலடி தூரத்துல வச்சதும் பொருந்திருச்சு. அப்புறம் உள்பக்கத்துக்கு கருப்புத் துணி கட்டி, கார்டுல ரெண்டு ஸ்டாப் வர்ற வரைக்கும் நகத்துனேன்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. நாலடியில இருக்க லைட் முகத்துக்கும் காலுக்கும் நடுவுல சடார்னு இறங்கிடும், சுவர் லைட் அப்படி இறங்காது. அவரு பின் வரிசை, இடுப்புக்கு மேல தான் தெரியுறாரு, அதனால தப்பிச்சேன். முன் வரிசையில முழு ஆளா சேக்கணும்னா, வேட்டி நிழல் அந்த வழவழ கல்லுல தெரியணும், இந்த ரூட்டே வேணாம், ஆள அதே வளவுல அதே நேரத்துல கொண்டு போய் நிறுத்திருங்க.

ரெண்டாவது படத்த ஆச்சிக்கிட்ட குடுத்தேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இவன் எப்ப வந்தான்"னு கேட்டாங்க.