ஒரு ஷாஃப்டுக்குச் சராசரியாக எத்தனை வேலை?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். லேத்தில் ஏறும் 100 ஷாஃப்டில் 90 கிரைண்டிங் போகும், 10 ஸ்கிராப். கிரைண்டிங் முடிந்ததெல்லாம் இன்ஸ்பெக்ஷனுக்கு வரும். அங்கே நூற்றுக்கு 70 டெஸ்பாட்ச், 20 மறுபடி கிரைண்டிங், 10 ஸ்கிராப். ஒரு ஷாஃப்ட் வெளியேறும் வரை சராசரியாக எத்தனை வேலை பார்க்கிறோம்? ஐந்து நிலையையும் எக்செல்லில் போட்டு, அலகு அணியிலிருந்து கழித்து MINVERSE கொடுத்தால் #NUM! வருகிறது.

பதில்: 3.25 வேலை. உங்கள் கணக்கில் டெஸ்பாட்சும் ஸ்கிராப்பும் உள்ளே இருப்பதுதான் கோளாறு. அங்கே போன ஷாஃப்ட் அங்கேயே நின்றுவிடும்; அதனால் அந்த நிரைகளில் மூலைவிட்டத்தில் 1 இருக்கும். அலகு அணியிலிருந்து கழித்தால் நிரை முழுக்கப் பூச்சியம். அப்படிப்பட்ட அணிக்கு நேர்மாறே கிடையாது, எக்செல் சொல்வது சரிதான். அந்த இரண்டு நிலைகளின் நிரையையும் நிரலையும் எடுத்துவிட்டு, ஷாஃப்ட் இன்னும் பட்டறைக்குள் சுற்றும் மூன்று நிலைகளை மட்டும் வையுங்கள். லேத், கிரைண்டிங், இன்ஸ்பெக்ஷன் என்ற வரிசையில்:

```
Q =  0    0.9   0
     0    0     1
     0    0.2   0
```

இதில் லேத், இன்ஸ்பெக்ஷன் நிரைகளின் கூட்டல் 1 வராது, வரவும் கூடாது. லேத் நிரையில் குறையும் 0.1 ஸ்கிராப்புக்குப் போனது. இன்ஸ்பெக்ஷன் நிரையில் குறையும் 0.8 வெளியே போனது. கூட்டல் 1 ஆகட்டும் என்று எண்களைத் திருத்திவிடாதீர்கள்.

Q உங்கள் தாளில் B2:D4 என்றால்:

```
=MINVERSE(MUNIT(3)-B2:D4)
```

பழைய எக்செல்லில் 3×3 கட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். விடை:

```
1   1.125   1.125
0   1.25    1.25
0   0.25    1.25
```

முதல் நிரை, லேத்தில் தொடங்கும் ஷாஃப்டின் கதை: லேத்தில் 1 முறை, கிரைண்டிங்கில் 1.125 முறை, இன்ஸ்பெக்ஷனில் 1.125 முறை. கூட்டினால் 3.25. நிரலைக் கூட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த எண்ணுக்கு இங்கே அர்த்தமில்லை. நிரை என்பது எங்கே தொடங்கியது, நிரல் என்பது எந்த வேலைக்குப் போனது.

1.125 எப்படி வந்தது? 100 ஷாஃப்டில் 90 முதல் தடவை கிரைண்டிங் ஏறுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு, 18, திரும்பி வருகிறது, பிறகு 3.6, பிறகு 0.72... எல்லாம் சேர்த்தால் 112.5. நேர்மாறு அணி இந்த முடியாத கூட்டலைத்தான் ஒரே அடியில் போடுகிறது.

தொடங்கிய இடமும் ஒரு முறையாக எண்ணப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு ஷாஃப்டைத் தூக்கிப்போவது பட்டறைக்குள் எத்தனை முறை என்பதுதான் தேவையென்றால் 1 கழித்து 2.25 என்று கொள்ளுங்கள்.

செலவுக் கணக்குக்கு நேரம் வேண்டுமென்றால், கூட்டும் முன் ஒவ்வொன்றையும் அதன் நிமிடத்தால் பெருக்குங்கள். லேத் 12, கிரைண்டிங் 8, இன்ஸ்பெக்ஷன் 5 நிமிடம் என்று வைத்தால் 12 + 9 + 5.625, அதாவது 26.6 நிமிடம். ஸ்கிராப் ஆகிப் பாதியில் நின்ற ஷாஃப்டுகளும் இந்தச் சராசரிக்குள்ளேயே இருக்கின்றன.

மூன்று நிலைகளை மட்டும் எடுத்த பிறகும் #NUM! வந்தால், எங்கேயோ வெளியேற வழியில்லாத சுற்று இருக்கிறது. "ஹோல்ட்" ரேக் என்று ஒரு நிலையைச் சேர்த்து, அங்கே போனது அங்கேயே இருக்கும் என்று அதன் நிரையில் மூலைவிட்டத்தில் 1 போட்டால் இப்படி ஆகும்.

இந்த முறைக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. ரீவர்க் ஆகி வந்த ஷாஃப்டையும் புது ஷாஃப்டையும் இது ஒன்றாகவே பார்க்கிறது. ஆனால் இரண்டாம் தடவை கல்லில் பட்டால் விட்டம் அளவுக்குக் கீழே இறங்கிவிட வாய்ப்பு அதிகம். பதிவேட்டில் ரீவர்க் ஷாஃப்டுகளைத் தனியாக எண்ணிப் பாருங்கள். உதாரணத்துக்கு அவற்றில் பாதி டெஸ்பாட்ச், பாதி ஸ்கிராப், மூன்றாம் சுற்று கிடையாது என்று வைப்போம். "ரீவர்க் கிரைண்டிங்", "ரீவர்க் இன்ஸ்பெக்ஷன்" என்று இரண்டு நிலை கூடி Q 5×5 ஆகும். வேலை எண்ணிக்கை 3.25-லிருந்து 3.16 ஆகிறது, கிட்டத்தட்ட அதேதான். ஸ்கிராப்போ நூற்றுக்கு 21.25-லிருந்து 28-க்கு ஏறிவிடுகிறது. கொட்டேஷன் போடும்போது இடிக்கிற எண் இதுதான், அதனால் இரண்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.