துரத்தும் விளம்பரம்: எத்தனை முறைக்குப் பிறகு எரிச்சல்?

எங்கள் தளத்துக்கு வந்து போனவர்களுக்கே மீண்டும் விளம்பரம் காட்டும் ரீடார்கெட்டிங் கேம்பெயினில் ஒரு வாரத்தின் ஃப்ரீக்வென்சி, அதாவது ஒருவர் பார்த்த தடவை, 8 என்று காட்டுகிறது. ஒரு நாளைக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தானே, இதற்கா மக்கள் சலித்துக்கொள்கிறார்கள்?

அந்த 8 வெறும் சராசரி. விளம்பரம் காட்டப்பட்ட மொத்தத் தடவையான இம்ப்ரெஷனை, பார்த்த ஆட்களின் எண்ணிக்கையான ரீச்சால் வகுத்தால் வருவது. சராசரியைப் பார்த்து யாரும் எரிச்சலடைவதில்லை. எரிச்சலடைபவர் அந்தக் கணக்கின் கடைசிக் கோடியில் இருக்கிறார்.

உங்கள் வாரத்தை இப்படி வைத்துப் பார்ப்போம். 2,500 பேருக்கு 20,000 இம்ப்ரெஷன் போயிருக்கிறது. அதில் 1,500 பேர் எப்போதாவது போனை எடுப்பவர்கள். ஆளுக்கு 2 முறை பார்த்தார்கள், அது 3,000. இன்னும் 700 பேர் ஆளுக்கு 10 முறை, அது 7,000. மீதி 300 பேர் நாள் முழுக்கத் திரையிலேயே இருப்பவர்கள். மிச்சமுள்ள 10,000 இம்ப்ரெஷனும் அவர்கள் தலையில்தான் விழுந்தது, அதாவது ஆளுக்கு 33 முறை. டேஷ்போர்டு காட்டுவது 8. உண்மையில் யாருமே 8 முறை பார்க்கவில்லை. பாதி இம்ப்ரெஷனை 12 சதவீதம் பேர் விழுங்கியிருக்கிறார்கள். "இந்த விளம்பரம் என்னை விடவே மாட்டேங்குதே" என்று கமென்ட் போடுபவரும் அந்த 12 சதவீதத்தில் ஒருவர்தான்.

இங்கே ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 முறைக்கு மேல் காட்டாதே என்று வரம்பு, அதாவது கேப், போட்டிருந்தால், ஒருவர் வாரத்துக்கு 14-ஐத் தாண்டியிருக்க முடியாது. அந்த 300 பேருக்கு மட்டும் குறைந்தது 5,800 இம்ப்ரெஷன் மிச்சம். வாரத்துக்கு 14 என்று மட்டும் போட்டு நாள் கணக்கை விட்டுவிடாதீர்கள். ஒரே மாலையில் 14-உம் தீர்ந்துவிடும். எரிச்சலைக் கிளப்புவது பெரும்பாலும் மொத்த எண்ணிக்கையை விட இந்த நெருக்கம்தான்.

கேப் போட நினைத்தேன். விற்பனை இலக்கு வைத்த கேம்பெயினில் அதற்கான இடமே இல்லையே?

உண்மைதான். சமூக வலைத்தளங்களில் ரீச் இலக்கு வைத்த கேம்பெயினில் கேப் போட இடம் இருக்கும். விற்பனை இலக்கில் பெரும்பாலும் இருக்காது. அப்போது உங்கள் கையில் இருக்கும் கேப் பட்ஜெட்தான்.

ரீடார்கெட்டிங் லிஸ்ட் ஒரு சின்னத் தொட்டி. தளத்துக்கு வந்த 2,500 பேரைத் தவிர உள்ளே வேறு ஆள் கிடையாது. 20,000 இம்ப்ரெஷன் வாங்கும் அளவுக்குப் பணம் ஊற்றினால், அது அந்த 2,500 பேர் மேல்தான் வழியும். புதியவர்களைத் தேடும் கேம்பெயினில் பட்ஜெட்டைக் கூட்டினால் ஆள் கூடுவார்கள். இங்கே கூட்டினால் ஃப்ரீக்வென்சிதான் கூடும். அதனால் கணக்கைப் பின்னிருந்து போடுங்கள். லிஸ்டில் எத்தனை பேர், ஆளுக்கு வாரத்துக்கு எத்தனை முறை போதும், இரண்டையும் பெருக்கினால் வாங்க வேண்டிய இம்ப்ரெஷன். பட்ஜெட் அதைத் தாண்ட வேண்டாம்.

சரி, எத்தனை முறைதான் சரி? ஒரு எண் சொல்லுங்கள்.

பொதுவான எண் எதையும் நான் நம்புவதில்லை. ஒருவர் தளத்துக்கு வந்து எத்தனை நாளாயிற்று என்பதை வைத்துத்தான் முடிவெடுப்பேன். கூடையில் பொருளைப் போட்டுவிட்டு நேற்றுப் போனவருக்கு இன்று இரண்டு முறை காட்டினால் அது நினைவூட்டல். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 25 நாளுக்கு முன் போனவருக்கு அதே இரண்டு, தொல்லை.

அதனால் லிஸ்டை மூன்றாகப் பிரியுங்கள். முதல் 3 நாளுக்கு ஒரு நாளைக்கு 2. 4 முதல் 14-ஆம் நாள் வரை, வாரத்துக்கு 3 அல்லது 4. அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒன்று, இல்லை நிறுத்திவிடலாம். இவை நான் தொடங்கும் எண்கள்தான், சட்டம் அல்ல. யோசித்து மாதக் கணக்கில் முடிவெடுக்கும் பொருளென்றால் இந்த நாள்களை நீட்டலாம். மெட்டாவில் தளத்துக்கு வந்தவர்களை 180 நாள் வரையும், கூகுள் டிஸ்ப்ளேயில் 540 நாள் வரையும் லிஸ்டில் வைத்திருக்க இடம் உண்டு. இடம் இருக்கிறதே என்று அவ்வளவையும் பயன்படுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு.

எல்லை தாண்டிவிட்டதை எப்படித் தெரிந்துகொள்வது? க்ளிக் விகிதம் குறைவதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். க்ளிக் செய்யக்கூடியவர்கள் முதல் சில முறையிலேயே செய்து முடித்திருப்பார்கள், அதனாலும் அது இறங்கும். விளம்பரத்தை மறைப்பவர்கள் கூடுகிறார்களா, கமென்ட்டில் கசப்பு தெரிகிறதா, அதோடு சேர்த்து ஒரு விற்பனைக்கு ஆகும் செலவு ஏறுகிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் எங்கள் அறிக்கையில் 10 முறைக்கு மேல் பார்த்தவர்கள்தான் அதிகம் வாங்குகிறார்கள். அப்படியிருக்க ஏன் குறைக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்காகவே இன்று எழுத உட்கார்ந்தேன். பத்து முறை பார்த்ததால் வாங்கினார்களா, வாங்கும் எண்ணத்தோடு நெட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் பத்து முறை கண்ணில் பட்டதா? அறிக்கைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதிலும், க்ளிக் செய்யாமல் வெறுமனே பார்த்தவர் பிறகு வாங்கினால் அதையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதும் அமைப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். நிறையக் காட்டினால் நிறையப் பெயர் கிடைக்கும்.

விடை ஒரு சோதனையில் இருக்கிறது. லிஸ்டைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு விளம்பரமே காட்டாதீர்கள். 40,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். காட்டிய 20,000 பேரில் 600 பேர் வாங்கினார்கள். காட்டாத 20,000 பேரில் 500 பேர் தாங்களாகவே வந்து வாங்கினார்கள். டேஷ்போர்டு 600 விற்பனைக்கும் உரிமை கொண்டாடலாம். விளம்பரம் உண்மையில் கொண்டுவந்தது 100. செலவை 600-ஆல் வகுக்காமல் 100-ஆல் வகுத்துப் பாருங்கள். கேப் போடும் மனம் தானாக வரும்.

ஒரு எச்சரிக்கை. லிஸ்டில் சில ஆயிரம் பேர்தான் என்றால் இந்தச் சோதனை ஏமாற்றும். ஒரு பாதியில் 30 பேரும் மறு பாதியில் 25 பேரும் வாங்கினால், அந்த வித்தியாசம் வெறும் தற்செயலாகவே இருக்கலாம். பல வாரம் ஓட்டி ஆள் சேர்ந்த பிறகு பாருங்கள்.

ஒரு நாளைக்கு 2 என்று கேப் போட்டும், ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரீன்ஷாட்டோடு "இன்று ஏழாவது முறை" என்கிறார். பொய்யா?

உண்மையாகத்தான் இருக்கும். கேப், மெட்டா, கூகுள் போன்ற அந்தந்த விளம்பரத் தளத்துக்குள் மட்டுமே செல்லும். நீங்கள் மூன்று தளத்தில் விளம்பரம் ஓட்டினால், மூன்றும் தனித்தனியாக இரண்டிரண்டு காட்டி ஆறாகிவிடும். ஒரே தளத்துக்குள்ளும் கேப்பை விளம்பர அளவில் போட்டு நான்கு விளம்பரம் வைத்திருந்தால் எட்டு ஆகும். கேம்பெயின் அளவில் போடுங்கள். அப்புறம், வெவ்வேறு தளங்களில் ஒரே ஆளை அடையாளம் காண உதவும் மூன்றாம் தரப்பு குக்கீயை சஃபாரி 2020 முதல் முழுதாகத் தடுக்கிறது. லாகின் இல்லாத இடத்தில் போனில் பார்த்தவரும் கணினியில் பார்த்தவரும் ஒருவரே என்று கருவிக்குத் தெரியாது; இரண்டு ஆளாக எண்ணும். அதனால் மொத்தமாக எத்தனை வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அதைத் தளங்களுக்குப் பங்கிடுங்கள்.

வாங்கி முடித்தவருக்கும் அதே விளம்பரம் போகிறது. ஏன்?

வாங்கியவர்களை விலக்கும் லிஸ்ட் இல்லை, அல்லது இருந்தும் நிரம்பவில்லை. வாங்கிய பிறகு வரும் நன்றி சொல்லும் பக்கத்தில், வாங்கியவரை லிஸ்டில் சேர்க்கும் டேக் ஓடுகிறதா என்று ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். போனில் பேசியோ நேரில் வந்தோ வாங்கியவர்களை அந்த டேக் ஒருநாளும் பார்க்காது. அவர்களின் பட்டியலை வாரம் ஒருமுறையாவது ஏற்ற வேண்டும். முப்பது முறை பார்த்தவரைவிட, முழு விலை கொடுத்து வாங்கிய மறுநாள் தள்ளுபடி விளம்பரம் பார்த்தவர்தான் அதிகம் கொதிக்கிறார்.

படத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் கேப் தேவையில்லையா?

சலிப்பு கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். நிறம் மாறினாலும் துரத்துவது நீங்கள்தான் என்பது அவருக்குத் தெரியும். சொல்லும் விஷயத்தை மாற்றுங்கள்: முதலில் பொருள், பிறகு அவர் தயங்கும் கேள்விக்கு விடை. மூன்றாவதாகச் சொல்ல எதுவும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.