நண்பரை அழைத்து வந்தால் பரிசு: லிங்க் எங்கே தொலைகிறது, பரிசு எங்கே இரட்டிக்கிறது

சின்ன ஆன்லைன் கடைகளுக்கு ரெஃபரல் அமைத்துக் கொடுப்பது என் வேலை. வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

பைகள் விற்பவர்: அக்கா, ஆளுக்கொரு லிங்க் வேணும். கஸ்டமர் நம்பரையே `?ref=1042` மாதிரி போட்டுட்டா போதாதா?

ஓடும். ஆனால் 1042-ஐப் பார்த்தவருக்கு 1043-ஐத் தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். முகப்பில் "உங்களை இன்னார் அழைத்திருக்கிறார்" என்று பெயரும் காட்டுகிறீர்கள் என்றால், எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றியே உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும் எடுத்துவிடலாம். ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் கலந்து 8 எழுத்தில் ஒரு ரேண்டம் கோட் போடுங்கள். 0, O, 1, I, L ஐந்தையும் விட்டுவிடுங்கள். இந்தக் கோடைப் போனில் வாய்விட்டுச் சொல்லப்போகிறார்கள். மீதி 31 எழுத்திலேயே 85 ஆயிரம் கோடிக்கு மேல் சேர்க்கைகள் கிடைக்கும், யூகித்துப் பிடிக்க முடியாது. அது ஏற்கெனவே இருக்கிறதா என்பதை டேட்டாபேஸே பார்த்துக்கொள்ளட்டும்.

துணிக்கடைக்காரர்: குக்கி 30 நாள்னு வெச்சிருக்கேன், அதனால டிராக்கிங்ல பிரச்சினை இருக்க முடியாது. ஆனா "என் ஃப்ரெண்ட் வாங்கினாரே, எனக்கு ஏன் வரல"ன்னு தினமும் ஒரு மெயில்.

குக்கி என்பது யார் லிங்கில் வந்தார் என்று பிரவுசரில் விட்டுவைக்கும் சின்னக் குறிப்பு. 30 நாள் என்பது நீங்கள் எழுதிய கணக்கு, பிரவுசர் அதை மதிக்க வேண்டும் என்றில்லை. பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் `document.cookie` வழியாக வைக்கும் குக்கியை சஃபாரி 7 நாளில் அழித்துவிடும். அதே குக்கியை உங்கள் சர்வர் `Set-Cookie` மூலம் அனுப்பினால் பொதுவாக அந்த வரம்பு இல்லை. முதலில் அதை மாற்றுங்கள்.

ஆனால் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கும். ஒருத்தி தன் இன்ஸ்டாகிராமில் லிங்கைப் போடுகிறாள். தோழி அதைத் தொடுகிறாள். பக்கம் அந்த ஆப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி பிரவுசரில் திறக்கிறது. குக்கி அங்கேதான் உட்காருகிறது. ராத்திரி நிதானமாக வாங்கலாம் என்று குரோமில் கடையின் பெயரைத் தட்டி வருகிறாள். அந்த பிரவுசருக்கு அவள் புது ஆள். ஆர்டர் வந்துவிட்டது, அழைத்தவள் பெயர் வரவில்லை. லேப்டாப்பில் வாங்கினாலும் இதே கதைதான்.

அதனால் குக்கியை மட்டும் நம்பாதீர்கள். லிங்க் கொண்டுவந்து விடும் பக்கத்தில் தள்ளுபடியைக் காட்டி, "எந்த மெயிலுக்கு அனுப்பட்டும்?" என்று கேளுங்கள். மெயில் வந்த கணமே அதையும் ரெஃபரல் கோடையும் சேர்த்து உங்கள் டேபிளில் எழுதிவிடுங்கள். அவள் எந்த பிரவுசரில் வந்தாலும் செக்அவுட்டில் அதே மெயிலைக் கொடுத்தால் பிடித்துவிடலாம். அதுவும் தவறினால், கோடைக் கையால் அடிக்க செக்அவுட்டில் ஒரு கட்டம் இருக்கட்டும்.

இன்னொன்று: பிரைவேட் விண்டோவில் உங்கள் ரெஃபரல் லிங்கை `www` இல்லாமலும், `http`-லும் ஒரு முறை திறந்து பாருங்கள். ரீடைரக்ட் ஆகும்போது `?ref=` உதிர்ந்துவிடுகிறதா என்று முகவரியிலேயே தெரியும். ஒரு கடையில் இதே தவறை ரெண்டு நாள் தேடினேன். குக்கி கோடையெல்லாம் பிரித்து மேய்ந்த பிறகுதான் முகவரிப் பட்டையைப் பார்த்தேன்.

புரோகிராமர்: எங்க கடையில ஒரு ஆர்டருக்கு ரெண்டு தடவை கிரெடிட் விழுந்துச்சு. "ஏற்கெனவே கொடுத்தாச்சா"ன்னு செக் பண்ணிட்டுதான் எழுதுறேன், மேடம்.

பணம் வந்ததைச் சொல்ல பேமென்ட் கம்பெனி உங்கள் சர்வருக்கு அனுப்பும் செய்திதான் வெப்ஹூக். உங்கள் சர்வரிடமிருந்து நேரத்துக்குப் பதில் வராவிட்டால் மறுபடி வரும். ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஓடினால் ரெண்டுமே "இன்னும் கொடுக்கவில்லை" என்று பார்த்துவிட்டு ரெண்டுமே எழுதும். அந்தச் சோதனையை டேட்டாபேஸிடம் விடுங்கள்:

```sql
CREATE TABLE rewards (
  order_id    INTEGER NOT NULL UNIQUE,
  friend_id   INTEGER NOT NULL UNIQUE,
  referrer_id INTEGER NOT NULL,
  status      TEXT NOT NULL DEFAULT 'pending'
);
```

`UNIQUE` என்றால் அதே எண் டேபிளில் இன்னொரு முறை வர விடாது, அதனால் ரெண்டாவது வரிசை உள்ளே போகாது. அந்தப் பிழையைப் பிடித்து, வெப்ஹூக்குக்கு "சரி" என்றே பதில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டும். `friend_id`-க்கும் `UNIQUE` போட்டதால் ஒரு நண்பருக்கு ஒரே பரிசுதான்.

புதிதாகக் கடை திறந்தவர்: யூடியூபர்களுக்கு எத்தனை சதவீதம் கமிஷன் கொடுக்கலாம்?

அது வேறு ஏற்பாடு. ஒப்பந்தம், மாதக் கணக்கு, விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்வது எல்லாம் அதில் உண்டு. இங்கே பேசுவது ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர் தன் நண்பரைக் கூட்டிவருவது. ரெண்டையும் ஒரே லிங்கில் கலக்காதீர்கள்.

பைகள் விற்பவர்: பரிசை எப்ப கொடுக்கணும்? ஆர்டர் வந்த உடனே கொடுத்தா சந்தோஷப்படுவாங்களே.

சந்தோஷப்படுவார்கள், அப்புறம் திரும்பப் பிடுங்கும்போது சண்டை வரும். ஒரு கணக்குப் பாருங்கள். குறைந்தது 100-க்கு வாங்கினால் அழைத்தவருக்கு 10 கிரெடிட். நண்பர் 80-க்கு ஒரு பொருளும் 50-க்கு ஒரு பொருளுமாக 130-க்கு வாங்குகிறார். 5-ஆம் தேதி டெலிவரி, ரிட்டர்ன் காலம் 14 நாள். 12-ஆம் தேதி 50-ஐத் திருப்பி அனுப்புகிறார். மிச்சம் 80, தகுதி போய்விட்டது. முதல் நாளே கொடுத்திருந்தால் அந்த 10 இதற்குள் செலவாகியிருக்கும்.

அதனால் ஆர்டர் வந்ததும் `pending` என்று மட்டும் எழுதுங்கள். 19-ஆம் தேதி ரிட்டர்ன் காலம் முடிகிறது. கடைசி நாளில் அனுப்பிய பார்சல் வந்து சேர ஒரு வாரம் விட்டு, 26-இல் ஒரு தானியங்கி வேலை ஓடி, கையில் மிச்சமிருக்கும் தொகையை மறுபடி கூட்டிப் பார்த்து `approved` அல்லது `void` ஆக்கட்டும். ஆனால் அழைத்தவருக்கு முதல் நாளே "10 வரவிருக்கிறது, 26-ஆம் தேதி உறுதியாகும்" என்று காட்டிவிடுங்கள். துணிக்கடைக்காரருக்கு வரும் மெயிலில் பாதி இதனாலேயே நின்றுவிடும் என்பது என் கணிப்பு.

கிரெடிட் இருப்பை ஒரே எண்ணாக வைத்து அழித்து அழித்து எழுதாதீர்கள். கூட்டல் ஒரு வரி, கழித்தல் ஒரு வரி என்று பேரேடு மாதிரி எழுதினால்தான் ஆறு மாதம் கழித்து ஒருவர் கேட்கும்போது பதில் இருக்கும்.

துணிக்கடைக்காரர்: தனக்குத் தானே லிங்க் அனுப்பி வாங்குறாங்க. ஒரே ஐபி வந்தா பிளாக் பண்ணிட்டேன்.

அதை எடுத்துவிடுங்கள். ஒரே வீட்டில் அக்கா தங்கைக்கு அனுப்பினாலும் ஒரே ஐபிதான். மொபைல் நெட்டில் முன்பின் தெரியாத பலருக்கும் ஒரே ஐபி வரும். ஜிமெயிலில் புள்ளியையும் `+` குறிக்குப் பிறகு வருவதையும் நீக்கிவிட்டு ஒப்பிடுங்கள், அதே கார்டா என்று பாருங்கள். ரெண்டு அடையாளம் பொருந்தினால் பரிசை நிறுத்திவைத்து நீங்களே பாருங்கள். ஆர்டரைத் தடுக்காதீர்கள், வாங்க வந்தவர் வாங்கட்டும்.

புரோகிராமர்: ஒருத்தர் ரெண்டு பேரோட லிங்க்லயும் வந்தா யாருக்குப் பரிசு? கடைசியா வந்ததுக்குத்தானே?

நான் முதல் லிங்குக்குக் கொடுப்பேன். கடையை அறிமுகப்படுத்தியவர் அவர்தான்; கடைசிக்குக் கொடுத்தால், வாங்கும் நேரத்தில் கோட் தேடுபவர்கள் கண்ணில் படும்படி பட்டியல் தளங்களில் லிங்கைப் போட்டு வைப்பவருக்கே எல்லாம் போய்ச் சேரும்.

புரோகிராமர்: ஆனா மூணு மாசம் முன்னாடி ஒருத்தர் அனுப்பினதை மறந்துட்டு, நேத்து இன்னொருத்தர் சொல்லி வாங்கினா?

அங்கே நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் முதல் லிங்குக்கு 30 நாள் ஆயுள் வைக்கிறேன், அதற்குப் பிறகு வரும் லிங்கையே முதல் லிங்காக எடுத்துக்கொள்வேன். 31-ஆவது நாள் வாங்கியவருக்காகச் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு, ரெண்டு பேருக்கும் கொடுத்து அனுப்பியதும் உண்டு.