க்யூஆரில் வரும் பெயரை நம்பலாமா?

கேள்வி: வெள்ளம், நிலச்சரிவு வந்தால் நிவாரண நிதி என்று வாட்ஸ்அப்பில் லிங்க்கும் க்யூஆரும் வருகின்றன. ஸ்கேன் செய்தால் பெயர் சரியாகத்தான் காட்டுகிறது. இருந்தாலும் பயமாக இருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது?

"பெயர் சரியாகத்தான் காட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதில். அனேகமாக உங்கள் குடும்ப குரூப்பிலோ ஆபீஸ் குரூப்பிலோ யாரோ அனுப்பி, நாலு பேர் "அனுப்பிட்டேன்" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டு, நீங்கள் மட்டும் போடாமல் சங்கடத்தில் இருக்கிறீர்கள். நானும் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன்.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கோவையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். 2024 ஜூலை 30 விடியற்காலையில் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பக்கம் மலை சரிந்தது. மேப்பாடி எஸ்டேட்டுகளில் நம் ஆட்களும் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள் என்பதால் இங்கே எல்லோருக்கும் மனசு கேட்கவில்லை. ஓரிரு நாளில் எங்கள் குரூப்பில் ஒரு படம் வந்தது. கேரள முதல்வர் படம், அரசு முத்திரை, நடுவில் க்யூஆர், கீழே ஒரு லிங்க். அனுப்பியவர் எங்கள் சங்கச் செயலாளர்.

ஸ்கேன் செய்தால் திரையில் முதல்வர் நிவாரண நிதி என்று ஆங்கிலத்தில் அழகாக வந்தது. "பாருங்க சார், பேரே வருதே" என்றார்கள். அது எங்கிருந்து வந்த பெயர் என்பதுதான் விஷயம். க்யூஆருக்குள் இருப்பது வெறும் ஒரு வரி எழுத்து. ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=xxxxxx@ybl&pn=CM%20Relief%20Fund
```

இதில் pa என்பதுதான் பணம் போய்ச் சேரும் முகவரி. pn என்பது க்யூஆரைத் தயாரித்தவர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளும் பெயர். என் பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு அந்த இடத்தில் ரிசர்வ் வங்கி என்றுகூட நான் எழுதலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. அன்றைக்குச் சில ஆப்கள் இந்த pn பெயரையே திரையில் காட்டின. சந்தேகம் இருந்தால் பணம் அனுப்பும் ஆப்பில் ஸ்கேன் செய்யாமல், கூகுள் லென்ஸ் மாதிரி சாதாரண ஸ்கேனரில் காட்டுங்கள். உள்ளே இருக்கும் வரி அப்படியே வரும்.

நான் அதில் இருந்த pa முகவரியை மட்டும் எடுத்து, ஆப்பில் யூபிஐ ஐடி அடிக்கும் இடத்தில் கையால் அடித்தேன். இப்போது வந்தது வங்கிக் கணக்கில் பதிவான பெயர். ஒரு தனி மனிதரின் பெயர், இனிஷியலோடு. நிதியும் இல்லை, அரசும் இல்லை.

இதைப் பார்த்திருந்ததால், யூபிஐ-யை நடத்தும் என்.பி.சி.ஐ. 2025-ல், வங்கியில் பதிவான பெயரைத்தான் காட்ட வேண்டும், க்யூஆரில் எழுதியதைக் காட்டக்கூடாது என்று ஆப்களுக்கு உத்தரவு போட்டபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. நல்ல விஷயம். ஆனால் பெயரைக் காட்டினாலும் நாம் படிக்க வேண்டுமே. அவசரத்தில் பின் நம்பரைத் தட்டிவிடுகிறோம்.

ஐடி எழுத்தை நம்பியும் பயனில்லை. 2020-ல் பி.எம். கேர்ஸ் நிதி தொடங்கியபோது உண்மையான ஐடி pmcares@sbi. கொஞ்ச நாளில் pmcare@sbi என்று ஒரு 's' குறைந்த ஐடி சுற்ற ஆரம்பித்து, அதை முடக்க வேண்டி வந்தது. @ குறிக்கு முன்னால் இருப்பதை, வேறு யாரும் எடுக்காமல் இருந்தால், எவரும் எடுத்துக்கொள்ளலாம். @ குறிக்குப் பின்னால் வங்கி பெயர் இருப்பதால் அந்த வங்கி சான்று கொடுத்ததாக அர்த்தமில்லை.

அந்த லிங்க்குக்கு வருகிறேன். முகவரியில் kerala, cmdrf, relief எல்லாம் கோடு போட்டுச் சேர்ந்திருந்தன, முடிவில் .online. இணைய முகவரியில் https:// என்பதை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்கோடு வரைக்கும் எடுத்துக்கொண்டு வலமிருந்து இடமாகப் படியுங்கள். கேரள நிதியின் பக்கம் donation.cmdrf.kerala.gov.in. கடைசியில் இருக்கும் gov.in அரசு அமைப்புகளுக்குத்தான் கிடைக்கும். வேறு முடிவுள்ள முகவரியில் முன்னால் வரும் சொற்களை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பூட்டுப் படம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அந்தப் பூட்டு, நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது, அந்தப் பக்கம் இருப்பவர் யோக்கியரா என்று சொல்லாது. இணைய முகவரி எப்போது பதிவானது என்று காட்டும் ஹூயிஸ் தேடலில் அந்த முகவரியைப் போட்டுப் பார்த்தேன். Creation Date என்ற வரியில் நிலச்சரிவுக்குப் பிந்தைய தேதி இருந்தது. வருடக்கணக்காக இருக்கும் நிதிக்குப் பிறந்து நாலு நாள்கூட ஆகாத முகவரி எதற்கு?

உடனே சிலர் வருவார்கள்: "அந்தக் கணக்குக்காரர் நல்ல மனசுள்ள தன்னார்வலராகக்கூட இருக்கலாமே, தன் கணக்கில் வாங்கி அரிசி, போர்வை வாங்கிக் கொடுக்கலாமே?" இருக்கலாம். அவரை நான் திருடன் என்று சொல்லவில்லை. ஆனால் தன் கணக்கில் வாங்குகிறவர் முதல்வர் நிதி என்ற பெயரை ஏன் எழுத வேண்டும்? தன் பெயரையே போட்டு "நான் இன்னார், வாங்கிக் கொடுக்கிறேன்" என்று கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன். "உதவ மனசில்லாதவன்தான் இவ்வளவு ஆராய்வான்" என்று எழுதப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அன்றே gov.in பக்கத்தில் பணம் கட்டி ரசீதை அதே குரூப்பில் போட்டேன். போலி க்யூஆர்களுக்குப் பயந்து கேரள அரசே அந்த ஆகஸ்ட் தொடக்கத்தில் தன் சொந்த க்யூஆர் முறையை விலக்கிக்கொண்டது. அவர்களுக்கு இல்லாத தைரியம் எனக்கு எதற்கு?

செயலாளருக்கு இன்றுவரை என் மேல் வருத்தம். சம்ப் மோட்டார் ரிப்பேருக்கு மூன்று கொட்டேஷன், ஐந்து கையெழுத்து கேட்கிற மனிதர் அவர். அதே மனிதர் ஊர் பேர் தெரியாத க்யூஆரை ஒரு விரலால் எல்லோருக்கும் தள்ளிவிடுகிறார்.

அரசு நிதி இல்லாமல் ஒரு தொண்டு நிறுவனம் கேட்டால், பான் எண்ணையும், நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி பதிவு எண்ணையும் கேளுங்கள். வருமான வரித்துறைத் தளத்தில் தேடினால் கிடைக்கும். கிடைத்த பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இதுதான் முக்கியம், ஏனென்றால் வேறொரு நல்ல நிறுவனத்தின் எண்ணைத் திருடிப் பக்கத்தில் போடுவது சுலபம். நன்கொடைக்கான 10பிஇ சான்றிதழ் தருவீர்களா என்றும் கேளுங்கள். பதிவு செய்த நிறுவனம்தான் அதை வருமான வரித் தளத்திலிருந்து எடுத்துத் தர முடியும். தனிக் கணக்கில் வாங்குகிறவர் அந்த இடத்தில் பேச்சை மாற்றுவார்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் குரூப்பில் விவாதித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள், அல்லது cybercrime.gov.in-ல் புகார் பதியுங்கள். ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் யூடிஆர் என்று பன்னிரண்டு இலக்க எண் இருக்கும், முதலில் அதைத்தான் கேட்பார்கள். பணம் அந்தக் கணக்கிலிருந்து வெளியே எடுக்கப்படுவதற்கு முன் தகவல் போனால்தான் முடக்க முடியும், அதனால் வங்கி திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.