படத்தில் 6, நேரில் 8: பி.எச். தாளை எப்படிப் படிப்பது?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் சமையல் சோடா கரைசலைப் பி.எச். தாளில் சோதித்து, சாஸர் மேல் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்தாள். இரவு நேரம், சமையலறை. அந்தப் படத்தை இணையத்தில் எடுத்த வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் 6 வருகிறது. ஆசிரியர் 8 வரவேண்டும் என்கிறார். நேரில் பார்த்தபோது எங்களுக்கும் பச்சையாகத்தான் தெரிந்தது. எதை எழுதுவது? படத்தை இணைத்திருக்கிறேன். (ஒரு வாசகி, பெரம்பூர்)

பதில்: ஆசிரியர் சொல்வதுதான் சரி. சமையல் சோடா கரைசலின் பி.எச். 8-ஐ ஒட்டியே இருக்கும். 6 என்றால் அது அமிலம். சோடா அமிலமாக வாய்ப்பில்லை. கரைசலிலும் தாளிலும் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. விளக்கும் அட்டையும்தான் உங்களைக் குழப்பியிருக்கின்றன.

முதலில் விளக்கு. நீங்கள் அனுப்பிய படத்தைக் கணினியில் திறந்து, வெள்ளைச் சாஸரின் மேல் ஓரிடத்தில் நிற அளவைப் பார்த்தேன். சிவப்பு 250, பச்சை 225, நீலம் 175. வெள்ளை என்றால் மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். மஞ்சள் விளக்கொளியில் நீலம் குறைவு. அந்தக் குறையைக் கைப்பேசி முழுதாகச் சரிசெய்யவில்லை. அதே படத்தில் தாளின் நனைந்த பகுதி சிவப்பு 110, பச்சை 150, நீலம் 80. பார்த்தால் மஞ்சள் கலந்த இலைப்பச்சை. இப்போது சாஸரை வெள்ளையாக்க என்ன பெருக்க வேண்டுமோ, அதையே தாளுக்கும் பெருக்குவோம். பச்சையை 250/225 ஆலும், நீலத்தை 250/175 ஆலும் பெருக்கினால் தாளின் நிறம் 110, 167, 114 ஆகிறது. நீலம் சிவப்பை எட்டிப்பிடித்துவிட்டது. மஞ்சள் சாயல் போய் நல்ல பச்சை வந்துவிட்டது. நேரில் உங்கள் கண் பார்த்தது இதைத்தான். கண் விளக்கின் மஞ்சளைத் தானே கழித்துக்கொள்ளும்.

இந்தக் கணக்கைப் பதிவேட்டில் போடச் சொல்லவில்லை. அட்டையும் தாளும் ஒரே படத்துக்குள் இருந்தால் கணக்கே வேண்டாம். விளக்கு இரண்டையும் ஒருசேர மஞ்சளாக்கும், ஒப்பீடு பெரும்பாலும் தப்பித்துவிடும். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. தாளில் இருப்பது நிறங்காட்டிச் சாயம், அட்டையில் இருப்பது அச்சு மை. பகல் வெளிச்சத்தில் பொருந்துகிற இவ்விரண்டும் வீட்டு விளக்கில் பொருந்தாமல் போகலாம். எனவே பகலில், நேர் வெயில் விழாத ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, அட்டை. இணையத்தில் எடுத்த அட்டையை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு சாயக் கலவையைப் பயன்படுத்துகிறது. ஒன்றில் 7-க்கு உள்ள பச்சை இன்னொன்றில் 8-க்கு இருக்கும். தாள் எந்தச் சிறு புத்தகத்திலிருந்து கிழிக்கப்பட்டதோ, அதன் மேலட்டையில் அச்சிட்ட வண்ணங்கள்தான் அதற்குரியவை. அந்த மேலட்டையும் வெயிலில் கிடந்து வெளுத்திருந்தால் பயனில்லை.

மறுபடி செய்யும்போது, வெள்ளை ஓட்டின் மேல் தாளை வைத்துக் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு இடுங்கள். தாளைக் கரைசலில் முக்கினால் சாயம் கரைந்து வெளியேறி நிறம் மங்கும். புத்தகத்தில் எத்தனை விநாடி என்று குறித்திருக்கிறதோ அதுவரை பொறுத்து, மேலட்டையைத் தாளை ஒட்டி வைத்து உடனே படம் எடுங்கள். பிளாஷ் வேண்டாம், ஈரத்தில் பளபளப்பு விழுந்து நிறத்தை அழித்துவிடும். பக்கத்தில் நனையாத தாள் ஒன்றையும் வையுங்கள். அது ஒரே சீரான நிறத்தில் இல்லாமல் ஓரங்களில் சிவந்திருந்தால், அமிலப் புட்டிக்குப் பக்கத்திலேயே புத்தகத்தை வைத்திருந்தார்கள் என்று பொருள். பள்ளி ஆய்வகங்களில் இது அடிக்கடி நடக்கும். நம் சென்னைக் காற்றின் ஈரப்பதம் வேறு. புத்தகத்தை மூடிய டப்பாவில் வைப்பதே நல்லது.

கரைசலைக் குளிர்ந்த நீரில் கலக்குங்கள். கொதிக்கவைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சமையல் சோடாவில் ஒரு பகுதி சலவை சோடாவாக மாறிவிடும். தாள் 8-ஐத் தாண்டி நீலத்துக்குப் போகும். முறை சரிதானா என்று பார்க்க எலுமிச்சைச் சாறும் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். அது 2, 3 பக்கம் சிவப்பாக நின்றால் கவலையில்லை.

பதிவேட்டில் 8 என்று எழுதட்டும். நிறம் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நின்றால் '8-க்கும் 9-க்கும் இடையில்' என்று எழுதலாம். 8.3 என்று பாடநூல் எண்ணை எழுத வேண்டாம். இந்தத் தாளால் அவ்வளவு நுட்பமாகச் சொல்ல முடியாது என்பது ஆசிரியருக்குத் தெரியும். நனைந்த தாளையே பசை போட்டுப் பதிவேட்டில் ஒட்டும் வழக்கமும் வேண்டாம். காயக் காய அதன் நிறம் மாறும். மதிப்பெண் போடுகிற நாளில் அது வேறு எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்.