படிக்கட்டின் அகலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் சிறிய கட்டடக்கலை நிறுவனத்துக்கு ஒருவரைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. வடிவமைப்பு மென்பொருள், கட்டுமானத் தள ஒருங்கிணைப்பு, சட்டபூர்வ அனுமதிகள் ஆகிய மூன்றிலும் அனுபவம் வேண்டும் என்று அறிவித்திருந்தோம். கடைசியில் இருவர் மிஞ்சியிருக்கிறார்கள். பெயர்களை மறைத்து இருவரின் தன்விவரக் குறிப்புகளையும் இணைத்துள்ளேன். முதலாமவருக்கு ஏழு ஆண்டு அனுபவம். மூன்று தகுதிகளும் தனித்தனித் தலைப்பில் இருக்கின்றன. இரண்டாமவருக்கு ஐந்து ஆண்டுதான். அனுமதி பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார். என் பங்குதாரர் முதலாமவரை உடனே அழைக்கச் சொல்கிறார். எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. காரணமும் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் எப்படி வாசிப்பீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இணைத்திருந்த இரண்டு குறிப்புகளையும் ஒரு தாளில் தேதிகளை மட்டும் எழுதிக்கொண்டு வாசித்தேன். கட்டடக் கலைஞரின் தன்விவரக் குறிப்பில் முதலில் பார்க்க வேண்டியவை தேதிகள்தான் என்பது என் பழக்கம். ஒரு கட்டடம் எந்த வரிசையில் உருவாகிறது என்பது நமக்குத் தெரியும். அந்த வரிசையின் எந்தப் பகுதியில் இவர் அந்த அலுவலகத்தில் இருந்தார் என்பதைத் தேதிகள் சொல்லிவிடும்.

முதலாமவரின் முக்கியமான பணி, இரண்டு நிலத்தடி மாடிகளைக் கொண்ட பதினான்கு மாடிக் குடியிருப்பு. "கருத்துரு முதல் ஒப்படைப்பு வரை, அனைத்து அனுமதிகளும் கையாளப்பட்டன" என்று எழுதியிருக்கிறார். அந்த நிறுவனத்தில் அவர் இருந்தது 2021 மார்ச் முதல் 2023 மே வரை, அதாவது 26 மாதங்கள். இந்த அளவுள்ள கட்டடத்தின் கட்டுமானம் மட்டுமே இரண்டு ஆண்டுகளைத் தாண்டுவது வழக்கம். அதற்கு முன்னால் வடிவமைப்புக்கும் அனுமதிக்கும் ஆகும் மாதங்கள் தனி. ஆகவே கருத்துருவும் ஒப்படைப்பும் அந்த 26 மாதங்களுக்குள் சேர்ந்து அடங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒப்படைப்புக்கு முந்தைய குறைபாட்டுப் பட்டியலைத் தயாரித்ததாக அதே பத்தியில் அவர் விவரமாகச் சொல்வதால், அவர் இருந்தது பின்பகுதியில் என்று ஊகிக்கிறேன். அப்படியானால் கட்டட அனுமதி அவர் சேர்வதற்கு முன்பே வந்திருக்கும். அவர் கண்டிருக்கக்கூடியவை இடையில் வந்த திருத்த அனுமதியும் கடைசியில் வரும் நிறைவுச் சான்றும்தான். அவையும் மதிப்புள்ள அனுபவங்களே. ஆனால் "அனைத்து அனுமதிகளும்" என்ற சொல் அவற்றைக் காட்டாமல் மறைத்துவிட்டது. "கையாளப்பட்டன" என்ற வினையில் கையாண்டவர் யார் என்பதும் இல்லை. உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இந்த வரியாக இருக்கக்கூடும்.

இனி இரண்டாமவரின் அந்த ஒரே வரி. பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், தீயணைப்புத் துறையின் ஆட்சேபத்துக்குப் பிறகு வெளியேறும் படிக்கட்டுகள் இரண்டையும் 1.2 மீட்டர் அகலத்திலிருந்து 1.5 மீட்டராக மாற்றி, பரப்பு அட்டவணையைத் திருத்தி, இரண்டாம் சமர்ப்பிப்பில் ஒப்புதல் பெற்றதாக எழுதியிருக்கிறார். இதை வேகமாக வாசிப்பவர் 30 சென்டிமீட்டர் மாற்றம் என்று நினைத்துக் கடந்துபோவார். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஏறும் படி வரிசைகள் இரண்டு அருகருகே அமைந்த வழக்கமான படிக்கட்டை எடுத்துக்கொள்வோம். படியின் அகலம் 1.2 மீட்டர் என்றால், இடையிலுள்ள சிறு இடைவெளியை விட்டுவிட்டால், படிக்கட்டுக் கூண்டின் உள் அகலம் 2.4 மீட்டர். படிகள் ஓடும் நீளம் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரு முனைகளிலும் உள்ள மேடைகளோடு சேர்த்து நீளம் 5.4 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 13 சதுர மீட்டர். படியின் அகலம் 1.5 மீட்டராகும்போது கூண்டின் அகலம் 3 மீட்டராகிறது. மேடையின் ஆழம் படியின் அகலத்துக்குக் குறையக் கூடாது என்பது பொதுவான விதி என்பதால் நீளமும் 6 மீட்டராகிறது. பரப்பு இப்போது 18 சதுர மீட்டர். ஒரு மாடியில் ஒரு படிக்கட்டுக்கு ஏறத்தாழ 5 சதுர மீட்டர் கூடிவிட்டது. இரண்டு படிக்கட்டுகளுக்கும் பத்து மாடிகளுக்கும் சேர்த்தால் ஏறத்தாழ 100 சதுர மீட்டர்.

அந்த நூறு சதுர மீட்டரும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். அலுவலகப் பரப்பிலிருந்து எடுத்தால் உரிமையாளரிடம் விளக்கம் சொல்ல வேண்டும். கட்டடத்தை வெளியே தள்ளினால் எல்லையிலிருந்து விட வேண்டிய திறவிடம் குறையும், மொத்தத் தளப்பரப்பு அனுமதித்த வரம்பை மீறலாம், வாகன நிறுத்த இடங்களின் தேவையான எண்ணிக்கையும் மாறலாம். கூண்டை ஒட்டியிருந்த தூணும் உத்தரமும் நகரும்; அதை அமைப்புப் பொறியாளர் ஏற்க வேண்டும். "பரப்பு அட்டவணையைத் திருத்தி" என்று அவர் சேர்த்திருக்கும் சிறு சொற்றொடரைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ரெவிட் போன்ற மென்பொருளில் கூண்டின் சுவரை நகர்த்தினால் எல்லா வரைபடங்களிலும் சுவர் நகர்ந்துவிடும். ஆனால் பரப்பு எல்லைக் கோடுகளைக் கையால் வரைந்திருந்தால் அவை பழைய இடத்திலேயே நிற்கும், அட்டவணையும் பழைய எண்ணையே காட்டும். அனுமதி அதிகாரி முதலில் பார்ப்பது அந்த அட்டவணையைத்தான். வரைபடம் ஒன்றும் அட்டவணை வேறொன்றும் சொல்லும் சமர்ப்பிப்பு திரும்பி வரும். அந்த இடத்தில் ஒரு முறையாவது நின்றவர்தான் அந்தச் சொற்றொடரை எழுதுவார் என்று நினைக்கிறேன்.

உங்கள் அறிவிப்பு மூன்று தகுதிகளையும் பிரித்து எழுதியிருப்பதால் உங்கள் பங்குதாரரும் மூன்று பெட்டிகளில் குறியிட்டுப் பார்க்கிறார். எனக்கு அவை ஒரே வேலையின் மூன்று இடங்களாகத்தான் தெரிகின்றன. ஒரு மாற்றம் மென்பொருளில் உள்ள கட்டட மாதிரியில் நிகழ்கிறது, அனுமதி வரைபடத்தில் பதிவாகிறது, கட்டுமானத் தளத்துக்குப் போகும் வரைபடமாக மாறுகிறது. இந்த மூன்றும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பவரே உங்களுக்குத் தேவை.

இதை நான் கற்றது ஒரு தவறிலிருந்து. முன்பு நான் பணியாற்றிய அலுவலகத்தில், மென்பொருள் பட்டியலைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் பரிந்துரைத்தேன். அவர் ரெவிட்டில் உண்மையிலேயே கெட்டிக்காரர். தளத்திலும் எல்லோரோடும் இணக்கமாக வேலை செய்தார். ஒரு கட்டடத்தில் குழாய்களுக்கான செங்குத்துக் கூண்டு போதவில்லை என்று ஒப்பந்தக்காரர் சொன்னபோது, பக்கவாட்டுச் சுவரை 30 சென்டிமீட்டர் வெளியே தள்ளி, மாதிரியைத் திருத்தி, அன்றே புதிய வரைபடத்தைத் தளத்துக்கு அனுப்பிவிட்டார். அனுமதி வரைபடத்தை யாரும் தொடவில்லை. அவர் செய்ததைச் சரிபார்க்க வேண்டியிருந்த நானும் அதைக் கவனிக்கவில்லை. நிறைவுச் சான்றுக்காக ஆய்வாளர் வந்து பக்கத் திறவிடத்தை நாடாவால் அளந்தபோது அதே 30 சென்டிமீட்டர் குறைந்தது. சுவரை இடித்துக் கட்ட வேண்டியதாயிற்று. நான்கு மாதங்கள் ஒப்படைப்பு தள்ளிப்போனது. அவருடைய குறிப்பில் அனுமதி என்ற தலைப்பும் இருந்தது. அதன் கீழ் ஒரு ஆட்சேபம்கூடச் சொல்லப்படவில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதலாமவர் எட்டு மென்பொருள்களுக்குச் சதவீதப் பட்டைகள் வரைந்திருக்கிறார். எதன் சதவீதம் என்பது யாருக்கும் தெரியாது. அவற்றில் ஐந்து, காட்சிப் படங்கள் தயாரிக்கப் பயன்படுபவை. இரண்டாமவர் ரெவிட், ஆட்டோகேட் என இரண்டை மட்டும் எழுதி, நான்கு பேர் ஒரே மையக் கோப்பில் வேலை செய்ததாகவும் சொல்கிறார். உங்கள் அறிவிப்பு கேட்கும் வேலைக்கு அது போதும். உரிமையாளருக்குக் காட்டும் படங்களும் உங்களுக்கு வேண்டுமென்றால், அதை அவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தள ஒருங்கிணைப்பில் இரண்டாமவர் "ஏறத்தாழ 140 ஆர்எஃப்ஐகளுக்குப் பதிலளித்தேன்" என்று எழுதியிருக்கிறார். ஒப்பந்தக்காரர் எழுத்தில் அனுப்பும் விளக்கக் கோரிக்கைகள்தான் இவை. முதலாமவரின் "வாராந்திரத் தள வருகைகள்" என்பதைவிட இது திட்டமானது. ஆனாலும் எண்ணிக்கையை மட்டும் வைத்து மகிழ்ந்துவிட வேண்டாம். வரைபடங்கள் குறையாக இருந்தாலும் கோரிக்கைகள் பெருகும். அவற்றில் எத்தனை இவருடைய சொந்த வரைபடங்களைப் பற்றியவை என்று கேளுங்கள்.

இரண்டாமவரிடமும் சில இடங்களில் எச்சரிக்கை வேண்டும். பல நாடுகளில், பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் கையெழுத்திட்டால்தான் விண்ணப்பம் ஏற்கப்படும். "ஒப்புதல் பெற்றேன்" என்பவர் கையெழுத்திட்டவரா, அவருக்காக வரைபடங்களைத் தயாரித்தவரா, அதிகாரியோடு நேரில் பேசியவரா என்பது மூன்று வேறு பொறுப்புகள். ஐந்து ஆண்டு அனுபவத்தில் இவர் தயாரித்தவராக இருப்பதே இயல்பு. அதில் குறையொன்றும் இல்லை. மேலும் அனுமதி விதிகள் ஒவ்வோர் ஆட்சிப் பகுதிக்கும் வேறுபடும். இவர் வேறு பகுதியில் பணிசெய்தவர் என்றால், உங்கள் பகுதியில் எந்தப் பரப்பு கணக்கில் சேரும், எது சேராது என்பதை முதல் சில மாதங்கள் கற்கத்தான் வேண்டும்.

முதலாமவரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. அவருடைய குறிப்பின் கீழ்ப்பகுதியில், 2018 முதல் 2021 தொடக்கம் வரை இருந்த முதல் நிறுவனத்தில், மூன்று மாடி வீடுகள் இரண்டை முடித்ததாக ஒரு வரி இருக்கிறது. அந்த அளவுக்கு அந்தக் காலம் பொருந்துகிறது. வரைவு முதல் நிறைவுச் சான்று வரை முழுப் பாதையையும் அவர் உண்மையில் நடந்திருந்தால் அது அந்த வீடுகளில்தான். பெரிய கட்டடம் கண்ணைக் கவரும் என்று எண்ணி அதை மேலே வைத்துவிட்டார் போலும். நேர்காணலில் பதினான்கு மாடியைப் பற்றிக் கேட்காமல், அந்த வீடுகளில் எந்த வரைபடம் திருப்பி அனுப்பப்பட்டது, ஏன், பிறகு எதை மாற்றினார் என்று கேளுங்கள்.

பழைய நிறுவனத்தின் வரைபடங்களைக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். அவை விண்ணப்பித்தவர்களுடைய உடைமை அல்ல. இருவருக்கும் ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுங்கள். இரண்டாமவர் அந்தப் படிக்கட்டை முன்னும் பின்னுமாக வரையட்டும். மாறிய படிக்கட்டைத் தவிர வேறு எவை நகர்ந்தன என்பதை அவராகச் சொல்லும்வரை காத்திருங்கள். தூணைச் சொல்கிறாரா, வாகன நிறுத்தத்தைச் சொல்கிறாரா, திருத்திய வரைபடம் தளத்துக்கு எந்த நாளில் போனது, பழையதை யார் திரும்பப் பெற்றார் என்பதைச் சொல்கிறாரா என்று பாருங்கள். பங்குதாரரும் அப்போது உடனிருப்பது நல்லது. இருவரையும் பார்த்த பிறகு எழுதுங்கள்.

அன்புடன்